குமரித் தமிழ் பேசுபவரை முதல் நாளில் எப்படி வரவேற்பது?

கேள்வி: சென்னையில் என் குழுவில் அடுத்த வாரம் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சேர்கிறார். நேர்காணலில் அவர் பேசியதில் பல சொற்கள் எங்களுக்குப் புரியவில்லை. கிண்டல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் யார் பேசுவதைக் கேட்டாலும் அந்தப் பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் எப்படிப் பேசுவது? ஊரைப் பற்றிக் கேட்கலாமா?

பதில்:

உங்கள் குழுவில் வேறு யார் சேர்ந்தாலும் என்ன சொல்வீர்களோ அதையே, உங்கள் வழக்கமான பேச்சிலேயே சொல்லுங்கள். "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தோம், உங்க இடம் இங்க இருக்கு, காபி குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்" என்பது போதும். அதற்கு அவர் என்ன சொல்கிறாரோ அந்தச் செய்திக்கு மறுமொழி கொடுங்கள். அவர் அதை எப்படிச் சொன்னார் என்பதைப் பற்றி முதல் நாளில் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பாராட்டும் வேண்டாம். ஊரைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் அதற்கு ஒரு நேரமும் ஓர் எல்லையும் உண்டு. பேச்சு ஒட்டிக்கொள்வதைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் தக்கலைக்கு அருகில் பிறந்து, மேற்படிப்புக்காகச் சென்னைக்கு வந்து, பிறகு கல்லூரியில் பல ஆண்டுகள் மொழியியல் கற்பித்தவள் என்பதால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில், நல்லெண்ணத்தோடு பலரும் செய்கிற ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு வேறாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் எதிரில் இருப்பவருக்காகத் தம் பேச்சை மெதுவாக்கி, சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, குரலையும் சற்று உயர்த்திப் பேசத் தொடங்குவார்கள். சிலர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இது தேவையே இல்லை. சென்னைப் பேச்சைச் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரருக்கு நீங்கள் பேசுவது முழுவதும் புரியும். அவர் பேசுவதுதான் உங்களுக்குப் பாதி புரியவில்லை, ஏனெனில் அந்தப் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆகவே கவனம் தேவைப்படுவது உங்கள் காதுக்குத்தான். ஒருவர் பேசும் முறைக்குக் காது பழகுவதற்கு வழக்கமாக அதிக நாள் பிடிப்பதில்லை. அவர் சொல்லவந்ததை இடையில் வெட்டாமல் முடிக்கவிட்டாலே, விட்டுப்போன சொற்களில் பெரும்பாலானவற்றின் பொருள் வாக்கியத்திலிருந்து பிடிபட்டுவிடும்.

புரியாத சொல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் முதல் நாளின் உண்மையான சிக்கல். நான் விடுதியில் சேர்ந்த முதல் மாலை, பக்கத்து அறைப் பெண்ணிடம், "கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமா?" என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, "வெள்ளமா? ஐயோ, எங்க வெள்ளம்?" என்று சன்னல் பக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்; அறையில் இருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் எங்கள் இழுப்பை இரண்டு மடங்கு நீட்டி, "வெள்ளம் வேணுமாக்கும்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்காமலே என் அறைக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பெண்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் இருவர் இன்றும் என் நெருங்கிய தோழிகள். ஆனாலும் அந்த ஒரு மாலைக்குப் பிறகு, நான் வாய் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஒருமுறை சென்னைப் பேச்சுக்கு மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். அது ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது.

அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கலாம்? "வெள்ளம்னா தண்ணியா? இருங்க, தரேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இதில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. கேட்டவர் சொல்லின் பொருளை மட்டும் கேட்கிறார். தாமாகவே ஒரு பொருளை ஊகித்து முன்வைக்கிறார். உடனே காரியத்துக்குப் போய்விடுகிறார். அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது தம் வழக்கமான தொனியிலேயே சொல்ல வேண்டும் என்பது முக்கியம். அவர் சொன்ன இழுப்போடு திருப்பிச் சொன்னால், உங்கள் மனத்தில் எந்தக் குறும்பும் இல்லாவிட்டாலும், அவர் காதில் அது நையாண்டியாகத்தான் விழும்.

சொல்லே காதில் விழாமல் போவதும், சொல் விழுந்து பொருள் தெரியாமல் போவதும் வேறு வேறு. இரண்டையும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். முதலாவதற்கு, "இன்னொரு தடவை சொல்றீங்களா, சரியா கேக்கல" என்பது போதும். இரண்டாவதற்கு எந்தச் சொல் என்பதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "நீங்க பேசுறதே புரியல" என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னால், அவர் எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாமல் பேசுவதையே குறைத்துக்கொள்வார். புரியாமலே தலையாட்டுவது இதைவிட மோசம், ஏனெனில் அது வேலையில் போய் நிற்கும். எங்கள் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று பொருள். "பைய எடுத்திட்டு வாங்க" என்று அவர் சொன்னால், நிதானமாக எடுத்து வாருங்கள் என்கிறார். நீங்கள் அவருடைய தோள்பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பீர்கள். அதேபோல் "மேனேஜர் உங்கள விளிச்சாரு" என்றால் உங்களை அழைத்தார் என்று பொருள். 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதை 'கொள்ளாது' என்று கேட்டுவிட்டு, உங்கள் வேலையை அவர் ஏற்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தச் சொற்களைக் கேட்டவுடன் பெரும்பாலோருக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும் கேள்வி, "நீங்க மலையாளியா?" என்பதுதான். குமரிக்காரர் ஒவ்வொருவரும் சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். உங்கள் குழுவில் ஒருவர்கூட இதைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கான காரணத்தைச் சொன்னால் நீங்கள் மற்றவர்களுக்கும் எளிதாக எடுத்துச் சொல்லலாம்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரில் இருந்தவை; பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அங்கிருந்த தமிழர்கள் தங்களைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் பல ஆண்டுகள் போராடினார்கள். 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் அந்தப் போராட்டக்காரர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் இந்த நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் என்று சொல்லிக்கொள்வதற்காகவே தாத்தாவும் பாட்டியும் ஊர்வலம் போன ஒரு வீட்டிலிருந்து வருபவரிடம், சென்னையில் முதல் நாளே, "தமிழா, மலையாளியா?" என்று கேட்டால் எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கேட்பவருக்கு அது வெறும் ஆர்வம்தான். கேட்கப்படுபவருக்கோ, வீட்டில் ஏற்கெனவே முடிந்துபோன ஒரு வழக்கை மறுபடியும் திறப்பது போல இருக்கும்.

காது ஏன் அப்படித் தவறாகக் கணிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. சென்னையில் 'காத்து', 'நேத்து' என்று சொல்லுகிற இடத்தில் எங்கள் பக்கத்தில் பலர் 'ற்ற' என்ற பழைய ஒலியை வைத்திருக்கிறார்கள். நாக்கின் நுனி பல்லைத் தொடாமல் பல்லுக்குச் சற்று மேலே உள்ள பல்லீறில் பட்டு எழுகிற ஒலி அது. மலையாளமும் அதே ஒலியை வைத்திருப்பதால், சென்னைக் காதுக்கு அது மலையாளமாகப் படுகிறது. யாழ்ப்பாணத் தமிழிலும் இந்த ஒலி உண்டு. 'வெள்ளம்' என்ற சொல்லும் அப்படித்தான். "வெள்ளத் தனைய மலர்நீட்டம்" என்ற குறளில் வெள்ளம் என்பது குளத்து நீர்தானே தவிர பெருக்கெடுத்த ஆறு அன்று. 'விளி' என்பதோ பள்ளியில் எட்டாம் வேற்றுமையாக நாம் எல்லோரும் படித்த சொல். இவற்றை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். புதியவரை உட்கார வைத்து, "உங்க சொல் எல்லாம் சங்கத் தமிழ் தெரியுமா" என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். அவர் தண்ணீர்தான் கேட்டார்.

பாராட்டையும் முதல் நாளில் தவிர்க்கச் சொன்னதன் காரணம் இதுவே. "உங்க தமிழ் கேக்கவே அழகா இருக்கு, இன்னும் ஏதாவது பேசுங்களேன்" என்பது அன்போடு சொல்லப்படுவதுதான், ஆனால் அதைக் கேட்டவர் அடுத்த வாக்கியத்தை இயல்பாகச் சொல்ல முடியாது. எல்லோரும் தம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும். ஈழத்துத் தமிழரிடம், "என்ன தூய்மையான தமிழ்!" என்று வியப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அந்த வியப்பைத் தொடர்ந்து, "எப்ப வந்தீங்க, முகாம்ல இருந்தீங்களா, சொந்தக்காரங்க யாராவது போர்ல..." என்ற கேள்விகள் வரிசையாக வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேச்சைக் கேட்ட இரண்டாம் நிமிடத்தில் ஒருவருடைய வாழ்வின் மிகத் துயரமான பகுதியைக் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

இனி ஊர். தமிழ்நாட்டில் "எந்த ஊரு?" என்பது இயல்பான விசாரிப்புத்தான், அதைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாயைத் திறந்த அடுத்த நொடியில் அது வந்தால் அது ஊரைப் பற்றிய கேள்வியாக இருக்காது, பேச்சைப் பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும். அதே கேள்வி மதிய உணவின்போது, பொங்கல் விடுமுறைக்கு யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்ற பேச்சு வரும்போது, நீங்கள் உங்கள் ஊரைச் சொன்ன பிறகு வந்தால் யாருக்கும் உறுத்தாது. "எங்களுக்கு ஆரணி பக்கம், பஸ்ல மூணு மணி நேரம்தான். உங்களுக்கு ராத்திரி முழுக்க ட்ரெயின் இல்ல?" என்று கேளுங்கள், எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவு அவரே சொல்வார்.

அவர் நாகர்கோவில் என்றோ மார்த்தாண்டம் என்றோ சொன்னால் அங்கே நின்றுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும், "நாகர்கோவில்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? அங்க என்ன ஆளுங்க அதிகம்?" என்ற கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்; அது சாதியை விசாரிப்பது. குமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறித்தவர்களும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருப்பதால், பெயரிலிருந்து தெரியாவிட்டால், "ஞாயித்துக்கிழம சர்ச்சா?" என்று மதத்தையும் நூல்விட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் அந்த நோக்கத்தோடு கேட்காவிட்டாலும், அவர் முன்பு எத்தனையோ முறை அந்த நோக்கத்தோடு கேட்கப்பட்டிருப்பார். ஊரைப் பற்றித் தொடர்ந்து பேச உண்மையிலேயே ஆசை இருந்தால், மழையைப் பற்றிக் கேளுங்கள். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கும். சென்னை காய்ந்துகொண்டிருக்கும் ஜூன் மாதத்தில் அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். அதைப் பற்றி எந்தக் குமரிக்காரரும் மகிழ்ச்சியோடு பேசுவார்.

உங்கள் வாயில் பேச்சு ஒட்டிக்கொள்வதைப் பற்றி. இது உங்களுக்கு மட்டும் நடப்பதன்று. இருவர் பேசும்போது ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சை நோக்கி நகர்வதையும் சில சமயம் விலகிப் போவதையும் 1970களில் ஹோவர்ட் கைல்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து எழுதினார். அதன்பிறகு உலகின் பல மொழிகளில் அது ஆராயப்பட்டிருக்கிறது. எதிரில் இருப்பவரோடு இணங்கிப்போகிற மனம் உள்ளவர்களுக்கு இது நடப்பது இயல்பு. இப்படி நகரும்போது மாறுவன பேசும் வேகம், வாக்கியங்களுக்கு நடுவே விடும் இடைவெளி, குரலின் அளவு போன்றவை. மாற்றம் சிறிது சிறிதாக நடக்கும், பேசுகிற இருவருக்குமே தெரியாது. அதைத் தடுக்க முயலாதீர்கள். தடுத்தால் உங்கள் பேச்சு விறைத்துப்போய், நீங்கள் எதையோ மறைப்பது போலத் தோன்றும்.

நையாண்டி வேறு விதமாக நடக்கும். அது அந்த வட்டாரத்துக்கென்று சினிமாவில் வழக்கமாகக் காட்டப்படும் ஒன்றிரண்டு சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து, முதல் வாக்கியத்திலேயே, உள்ளதைவிட அதிகமாக இழுத்துச் சொல்லும். சொன்னவருடைய கண், எதிரில் இருப்பவரை விட்டு, பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கும். உங்களுக்குள் ஐயம் வந்தால் இதை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்: அறையில் நீங்களும் அவரும் மட்டும் இருந்தால் இதை இப்படிச் சொல்லியிருப்பீர்களா?

மூன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். ஒன்று, அழைக்கும் சொற்கள். 'மக்கா' என்பது எங்களிடம் நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் இடையிலான சொல். 'லே' என்பது அதைவிட நெருக்கமானது, பழக்கம் இல்லாதவர் சொன்னால் வசை. "வாலே மக்கா" என்று முதல் நாள் வரவேற்பது, அறிமுகம் இல்லாத ஒருவரை உங்கள் பேச்சில், "வாடா மச்சி" என்று வரவேற்பதற்குச் சமம். அதோடு, 'அண்ணாச்சி' போன்ற நெல்லைச் சொற்களையும் சேர்த்துவிடுவார்கள். திருநெல்வேலியும் குமரியும் பேச்சில் ஒன்றல்ல என்பதால் அது அவரை யாரோ ஒருவராக ஆக்கிவிடும். இரண்டாவது, வாக்கியத்தின் முடிவில் வரும் 'ஆக்கும்'. மூன்றாவது, அந்த இழுப்பு. இவற்றில் ஒன்று தவறிப்போய் உங்கள் வாயில் வந்துவிட்டால், சிரித்து மழுப்பாமல், "மன்னிக்கணும், கேட்டது வாயில ஒட்டிக்கிச்சு" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். நீண்ட மன்னிப்பு அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலையை உண்டாக்கிவிடும்.

நீங்கள் சரியாக நடந்துகொண்டாலும் குழுவில் யாராவது ஒருவர் இழுத்துப் பேசிக் காட்டிவிடுவார். அப்போது எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தால் அனைவருடைய பார்வையும் புதியவர்மீது திரும்பும். அது அவருக்குக் கிண்டலைவிடக் கடினமாக இருக்கலாம். நான் வகுப்பில் செய்தது இதுதான்: சிரிக்காமல், குறுக்கிட்டவரைப் பார்க்காமல், "நீங்க சொல்லிட்டிருந்தீங்க, அந்த ரெண்டாவது ஃபைல்ல என்ன பிரச்சன?" என்று புதியவரிடமே பேச்சைத் திருப்பிக் கொடுப்பேன். பேசிக் காட்டியவரைப் பிறகு தனியாக அழைத்து, "அவரு பேசுறத மறுபடி அப்படிச் செஞ்சு காட்டாதீங்க" என்று நேராகச் சொல்வேன். காரணம் கேட்டால் சொல்வேன், பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். அறிமுகம் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். "இவர் நம்ம புது டெஸ்டர், முன்னாடி பேங்கிங் ப்ராஜெக்ட்ல இருந்தவர்" என்று வேலையைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். "இவர் நாகர்கோவில், பேச்சக் கேளுங்க, செமையா இருக்கும்" என்று அறிமுகப்படுத்தினால் அன்றைக்கு முழுவதும் அவர் அந்தப் பேச்சாகவே இருப்பார்.

சில மாதங்கள் கழித்து அவரே தம் ஊர்ச் சொற்களைச் சொல்லிச் சிரிக்கலாம், உங்கள் சென்னைப் பேச்சையும் கேலி செய்யலாம். அப்போது நீங்களும் சேர்ந்துகொள்வதில் தவறில்லை. கதவைத் திறந்தவர் அவர். அதுவரை ஏதோ சரியில்லை என்பதைக் காட்டும் அடையாளங்களைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் நீளமாகப் பேசியவர் ஒரு சொல்லில் பதில் சொல்லத் தொடங்குவார். கூட்டங்களில் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போவார். தமிழில் பேசினாலும் செய்தி வாசிப்பது போலப் பேசுவார். நான் விடுதியில் இருந்தபோது, வரவேற்பறைத் தொலைபேசியில் அம்மா அழைத்தால், யாராவது சோபாவில் உட்கார்ந்திருந்தால், "நல்லாருக்கேன், அப்புறமா பேசுறேன்" என்று நாலு சொல்லில் வைத்துவிடுவேன். இன்று அது கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போவதாக மாறியிருக்கிறது. வீட்டு அழைப்பு வரும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போகிறார் என்றால், எல்லோரும் இல்லாத ஒரு நேரத்தில், "இங்க யாராவது உங்க பேச்சப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் நம்பி விட்டுவிடுங்கள். ஆமாம் என்று சொன்னால், யார் என்று அவரைச் சொல்லவைக்காமல், குழுவில் பேச வேண்டியவரிடம் நீங்களே பேசுங்கள்.